மே மாதத்துக் கூட்டமும் ஆகஸ்ட் மாதத்துக் கணக்கும்

குன்னூரில் மாதச் சந்தாவுக்குத் தேயிலை அனுப்பும் சிறு வியாபாரி ஒருவர் 2024 செப்டம்பரில் என்னிடம் வந்தார். மாதம் ஒரு அரைக் கிலோ பெட்டி, கூரியரில் போகும். மார்ச்சில் தொடங்கிய சந்தா, மே மாதத்தில் 222 பேரைத் தொட்டது. ஜூலையில் அது 172 ஆகிவிட்டது. "இலைதான் சார் காரணம். மழையில் துளிர்த்த இலைக்கு ருசி கம்மி. இலை வாங்கும் இடத்தை மாற்றப் போகிறேன்" என்றார்.

மொத்த எண்ணிக்கையை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது. அந்த 172 பேரில் மார்ச்சில் சேர்ந்தவரும் உண்டு, போன வாரம் சேர்ந்தவரும் உண்டு. ஆட்களைச் சேர்ந்த மாதப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று பார்த்தால்தான் யார் போனார்கள் என்பது தெரியும். அதற்குத் தேவை இரண்டு பட்டியல்கள்: யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், யார் எந்தெந்தத் தேதிகளில் பணம் கட்டினார்.

பணம் கட்டிய பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சந்தாதாரர் சேர்ந்த தேதியையும் எடுத்து வைத்துக்கொண்டோம். B நெடுவரிசையில் சேர்ந்த தேதி, C-யில் பணம் வந்த தேதி. பிறகு சேர்ந்த மாதத்தின் முதல் நாளையும், இது எத்தனையாவது மாதத்துப் பணம் என்பதையும் கணக்கிட வேண்டும். மாத எண்ணுக்கு அவர் முதலில் எழுதியிருந்தது இது:

```
=(YEAR(C2)-YEAR(B2))*12+MONTH(C2)-MONTH(B2)
```

பார்வைக்குச் சரியான சூத்திரம்தான். ஆனால் அவருடைய முதல் அட்டவணையில் ஒரு வரிசை மேலேறியது: ஒரு மாதம் கழித்து இருந்தவர்களைவிட, இரண்டு மாதம் கழித்து இருந்தவர்கள் அதிகம். விட்டுப் போனவர் சிலர் திரும்பி வருவது உண்டு, ஆனால் வரிசையே ஏறினால் தேதியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒருவரை எடுத்துப் பார்த்தோம். மே 31 அன்று சேர்ந்தவர். ஜூன் 30 அன்று கட்ட வேண்டியதை ஒரு நாள் தாமதமாக ஜூலை 1 அன்று கட்டியிருக்கிறார். அடுத்ததை ஜூலை 31 அன்று சரியாகக் கட்டிவிட்டார். சூத்திரத்தின் கண்ணுக்கு ஜூன் காலி, ஜூலையில் இரண்டு தடவை. ஒரு நாள் தாமதத்துக்காக ஒழுங்கான ஒரு வாடிக்கையாளரை ஒரு மாதம் காணாமல் போனவராக எழுதிவிட்டது.

அதனால் காலண்டர் மாதத்தை விட்டுவிட்டு, சேர்ந்த நாளிலிருந்து கடந்த நாட்களை எண்ணினோம்:

```
D2:  =EOMONTH(B2,-1)+1
E2:  =ROUND((C2-B2)/30.4,0)
```

மே 31 முதல் ஜூலை 1 வரை 31 நாள். E-யில் 1 வரும். ஜூலை 31-க்கு 61 நாள், 2 வரும். ஏறக்குறைய பதினைந்து நாள் முன்பின் இருந்தாலும் பணம் அதற்குரிய மாதத்திலேயே விழும். சந்தாவின் கெடு எப்போதும் சேர்ந்த தேதியையே ஒட்டியிருந்தால்தான் இது செல்லும். கடைசியாகக் கட்டிய நாளிலிருந்து அடுத்த கெடுவை எண்ணும் கடைகளில் தாமதம் மாதாமாதம் சேர்ந்து கணக்கு மெல்ல நழுவும்.

எண்ணுவதற்கு முன் ஒரே ஆள், ஒரே மாத எண் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். உறவினருக்கு இன்னொரு பெட்டி வாங்கியவர் இரண்டு ஆளாகிவிடுவார். மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டியவருக்கு நேர்மாறு: ஒரே வரியை மூன்று வரியாக்க வேண்டும், இல்லையென்றால் அவர் ஓடிப்போனவராகத் தெரிவார்.

இனி அட்டவணை, தனித் தாளில். பணம் கட்டிய பட்டியல் Pay என்ற தாளில் இருக்கிறது. இடது ஓரத்தில் (A) சேர்ந்த மாதத்தின் முதல் நாள், அடுத்து (B) அந்த மாதம் சேர்ந்தவர் எண்ணிக்கை, மேலே முதல் வரியில் மாத எண்கள்.

```
=IF(EDATE($A2,C$1)>$H$1,"",COUNTIFS(Pay!$D:$D,$A2,Pay!$E:$E,C$1)/$B2)
```

H1-இல் கணக்கை நிறுத்தும் தேதி, இங்கே 2024 ஆகஸ்ட் 31. ஆகஸ்ட் கெடுவுக்குத் தாமதமாகக் கட்டுபவர்களுக்காகச் செப்டம்பர் 15 வரை வந்த பணத்தில் அந்தக் கெடுவுக்கு உரியதை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். வந்தது இப்படி (வியாபாரி யாரென்று தெரியாமலிருக்க எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்):

| சேர்ந்த மாதம் | சேர்ந்தவர் | 1 மாதம் கழித்து | 2 மாதம் | 3 மாதம் |
|---|---|---|---|---|
| மார்ச் | 40 | 80% | 75% | 70% |
| ஏப்ரல் | 60 | 70% | 55% | 50% |
| மே | 150 | 50% | 30% | 24% |
| ஜூன் | 50 | 80% | 74% | |
| ஜூலை | 30 | 80% | | |

வலது கீழ் மூலையின் வெற்றுக் கட்டங்களுக்காகத்தான் சூத்திரத்தில் அந்த `IF`. அது இல்லாவிட்டால் அங்கெல்லாம் 0% என்று வரும். ஜூனில் சேர்ந்தவருக்கு மூன்றாவது மாதம் என்பது செப்டம்பர். அந்தக் கணக்கு இன்னும் முடியவே இல்லை. அதைப் பூஜ்ஜியம் என்று எழுதுவது, பரீட்சை எழுதாத பிள்ளைக்கு முட்டை மார்க் போடுவது போல. இந்த வியாபாரியும் அதில்தான் பயந்துபோயிருந்தார். மூன்று மாதம் கழித்து இருந்தவர்கள் 28 + 30 + 36, மொத்தம் 94. அந்த 94-ஐ, இதுவரை சேர்ந்த 330 பேராலும் வகுத்து 28% என்று வைத்திருந்தார். மூன்று மாதம் நிறைவடைந்தவர்கள் 250 பேர் மட்டுமே. 94-ஐ 250-ஆல் வகுத்தால் 38%.

சரி, இலையா காரணம்? அட்டவணையில் ஜூலை மாதம் மட்டும் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஜூனில் சேர்ந்தவருக்கு அது 1 மாதம், மே-க்கு 2, ஏப்ரலுக்கு 3. அதாவது ஒரு காலண்டர் மாதம் அட்டவணையில் சாய்வாக ஓடுகிறது. ஜூலையில் போன இலை மோசம் என்றாலும், மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து பெட்டிகள் தேங்கினாலும், அந்தச் சாய்கோட்டில் எல்லாக் குழுவும் ஒன்றாகச் சரிந்திருக்கும். அப்படி இல்லை. மழையோடு மழையாக ஜூனில் சேர்ந்தவர்களில் 80% பேர் ஜூலையில் பணம் கட்டியிருக்கிறார்கள், மார்ச்சில் சேர்ந்தவர்களுக்கு இணையாக. இலையில் பழுதில்லை.

சரிந்தது ஒரு கிடைவரிசை: மே. ஏப்ரலிலும் கொஞ்சம். இந்த ஊரில் அது சீசன். சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் கடை வாசலில் நின்று, முதல் பெட்டி பாதி விலை என்றதும் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

30 பேர் உள்ள குழுவில் ஓர் ஆள் என்பது 3 சதவீதத்துக்கும் மேல் என்பதால், 80-க்கும் 77-க்கும் நான் காரணம் தேட மாட்டேன். ஆனால் 80-க்கும் 50-க்கும், அதுவும் 150 பேரில், தேடத்தான் வேண்டும். ஏன் போனார்கள் என்று அட்டவணை சொல்லாது. மே மாதத்துக்காரர்கள் சிலரை அவரே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். ருசியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. "முதல் பெட்டியே இன்னும் தீரவில்லையே" என்றார்களாம். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு மாதம் அரைக் கிலோ தூள் எதற்கு?

இலை வாங்கும் இடத்தை அவர் மாற்றவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி என்று புதிதாக ஒரு சந்தா வைத்திருக்கிறார். அவர்களுடைய பணம் 0, 2, 4 என்றுதான் விழும் என்பதால், ஒற்றைப்படை மாதங்கள் எல்லாம் வெறிச்சோடித் தெரியாமலிருக்க அவர்களுக்குத் தனி அட்டவணை போட்டுக் கொடுத்தேன்.