உடைந்தது மேற்கை, தொங்குவது மணிக்கட்டு

ஹ்யூமரஸ் என்கிற மேற்கை எலும்பின் தண்டுப் பகுதி முறிந்து வருபவர்களில், நூற்றுக்கு 10 முதல் 12 பேருக்கு மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகிறது. முறிவு தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கும். கையோ மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கும். கூட வந்தவர்கள் பயந்துபோய் மணிக்கட்டிலும் முறிவு இருக்கிறதா, கட்டு இறுகிவிட்டதா என்று கேட்பார்கள். வயதானவராக இருந்தால் பக்கவாதமா என்ற கேள்வியும் வரும். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை. மணிக்கட்டைத் தூக்கும் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற ரேடியல் நரம்பு, முறிந்த எலும்பை ஒட்டித்தான் கீழே இறங்குகிறது.

இந்த நரம்பு அக்குளில் தொடங்கி, மேற்கையின் உட்புறமிருந்து பின்பக்கம் போகிறது. அங்கே ட்ரைசெப்ஸ் தசையின் இரண்டு தலைகளுக்கு நடுவே, எலும்பின் முதுகைச் சாய்வாகக் கடந்து வெளிப்பக்கத்துக்கு வருகிறது. கையின் மற்ற பெரிய நரம்புகள் எலும்பிலிருந்து சற்றுத் தள்ளி, தசைகளுக்கு இடையே மெத்தையில் கிடப்பதுபோல இறங்குகின்றன. ரேடியல் நரம்புக்கு அந்த வசதி இல்லை. பின்பக்கத்தில் ஏறத்தாழ 6 செ.மீ. தூரத்துக்கு அது எலும்பின்மேலேயே படுத்திருக்கிறது.

ஆனால் உண்மையான சிக்கல் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வெளிப்பக்கம் வந்த நரம்பு, முன்பக்கத் தசைகளையும் பின்பக்கத் தசைகளையும் பிரிக்கும் ஒரு கெட்டியான சவ்வைத் துளைத்துக்கொண்டு முன்னால் வர வேண்டும். முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையிலிருந்து சுமார் 10 செ.மீ. மேலே அந்தத் துளை இருக்கிறது. மற்ற இடங்களில் நரம்பைக் கொஞ்சம் தள்ளினால் நகரும். இங்கே நகராது. எலும்பு சரியாக இந்த மட்டத்தில் சுருள்வாக்கில் முறிந்து, கீழ்த்துண்டு மேலேறி வெளிப்பக்கம் சாய்ந்தால், அதன் கூர்முனையும் நரம்பும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. விலகிக்கொள்ள நரம்புக்கு இடமில்லை. இந்த வகை முறிவை 1963இல் ஹோல்ஸ்டீன், லூயிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் விவரித்தார்கள். இன்றும் அவர்கள் பெயரால்தான் அதை அழைக்கிறோம். கீழ் மூன்றில் ஒரு பங்கில் சுருள் முறிவு என்று எக்ஸ்ரேயில் பார்த்தவுடனே என் கண் நோயாளியின் கட்டைவிரலுக்குப் போய்விடும்.

சரி, நரம்பு பாதிக்கப்பட்டால் அது ஓட்டும் எல்லாத் தசைகளும் ஏன் செயலிழப்பதில்லை? ட்ரைசெப்ஸுக்குப் போகும் கிளைகளில் பெரும்பாலானவை முறிவு மட்டத்துக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. அதனால் முழங்கையை நீட்டும் பலம் தப்பிக்கிறது. முறிவுக்குக் கீழே பிரியும் கிளைகள்தான் மாட்டிக்கொள்கின்றன. முழங்கையை மடக்க உதவும் பிரேக்கியோரேடியாலிஸ், மணிக்கட்டைத் தூக்கும் தசைகள், விரல்களை அடிக்கணுவில் நிமிர்த்தும் தசைகள், கட்டைவிரலைப் பின்னால் இழுக்கும் தசைகள் என்று வரிசையாக எல்லாம் போகும். உணர்ச்சி மரத்துப்போகும் இடம் மட்டும் சிறியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம் ஒரு சின்னத் திட்டு. சிலருக்கு அதுகூடத் தெளிவாகத் தெரியாது. மரத்துப்போகவில்லை என்பதால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பிடி தளர்ந்துபோவது பலரைக் குழப்பும். விரலை மடக்கும் தசைகளுக்கும் இந்த நரம்புக்கும் தொடர்பே இல்லை. இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். மணிக்கட்டை முழுதாகக் கீழே மடக்கிக்கொண்டு, அப்படியே இறுக்கி முஷ்டி பிடித்துப் பாருங்கள், பலமே வராது. மணிக்கட்டு நிமிர்ந்திருந்தால்தான் மடக்கும் தசைநாண்களுக்கு இழுவிசை கிடைக்கும். நோயாளியின் மணிக்கட்டை நாம் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு விரலை அழுத்தச் சொன்னால் பிடி திரும்பிவிடும். அவர் முகத்தில் தெம்பு வருவதும் அப்போதுதான்.

பரிசோதனையில் ஏமாற இரண்டு இடங்கள் உண்டு. விரலை நீட்டச் சொன்னால் பலர் நீட்டிக் காட்டுவார்கள். கவனித்தால் நீள்வது நடுக்கணுவும் நுனிக்கணுவும் மட்டும்தான். அவற்றை நீட்டுவது உள்ளங்கையின் குட்டித் தசைகள், அவற்றுக்கு நரம்பு வேறு. பார்க்க வேண்டியது விரல் உள்ளங்கையோடு சேரும் அடிக்கணு நிமிர்கிறதா என்று. இரண்டாவது, முஷ்டியை இறுக்கிவிட்டுச் சட்டென்று விட்டால் மணிக்கட்டு ஒரு துள்ளு மேலே எழும். அது வெறும் எதிர்விசை. அதனால் முன்கையைத் தாங்கி, உள்ளங்கை கீழே பார்க்க வைத்து, மெதுவாக மணிக்கட்டைத் தூக்கச் சொல்கிறேன். அப்புறம் கையை மேசைமேல் தட்டையாக வைத்து, கட்டைவிரலை மட்டும் மேசையைவிட்டு மேலே எடுக்கச் சொல்கிறேன். முறிந்த கையிலும் இதை வலியில்லாமல் செய்துவிடலாம்.

இதை எலும்பை இழுத்து நேராக்குவதற்கு முன்னாலும் செய்ய வேண்டும், கட்டுப் போட்ட பின்னாலும் செய்ய வேண்டும், இரண்டையும் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். முறிந்தபோதே செயலிழந்த நரம்பும், நேராக்கியபோது துண்டுகளுக்கு நடுவே சிக்கிச் செயலிழந்த நரம்பும் ஒரே கதை அல்ல. முதல் குறிப்பு இல்லாவிட்டால் அந்த வித்தியாசத்தைப் பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நோயாளியின் உறவினராக இருந்தாலும் கட்டுப் போடும் முன்பு, "கட்டைவிரலைத் தூக்க முடிகிறதா என்று பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒருவரின் கதையைச் சொல்கிறேன். இருபதுகளில் இருந்த இளைஞர், நண்பனோடு கைமல்யுத்தம் போட்டபோது மேற்கையில் சடக்கென்று சத்தம் கேட்டது. அந்த ஆட்டத்தில் மேற்கை முறுக்கப்படுவதால் சுருள் முறிவு வருவது நாங்கள் அறிந்ததுதான். எக்ஸ்ரேயில் முழங்கையின் வெளிமுனையிலிருந்து சுமார் 11 செ.மீ. மேலே முறிவு. தோல் கிழியவில்லை, நாடி நன்றாக இருந்தது. மணிக்கட்டு துளிகூட எழவில்லை, கட்டைவிரலும் அசையவில்லை. "நரம்பு அறுந்திருந்தா இப்பவே திறந்து சேர்த்துடுங்க சார்" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோல் கிழியாத முறிவில் நரம்பு முழுதாக அறுந்திருப்பது அரிது. பெரும்பாலும் அது நசுங்கியோ இழுபட்டோ இருக்கும். மேலுறை அப்படியே இருந்து உள்ளே கடத்தல் மட்டும் நின்றிருக்கலாம், அல்லது உள்ளிழைகள் அறுந்து உறை மிஞ்சியிருக்கலாம். இரண்டிலும் நரம்பு தானாகத் திரும்ப வாய்ப்புண்டு. இப்படிப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் அறுவை சிகிச்சை இல்லாமலே தேறுகிறார்கள். தோல் கிழிந்த முறிவு, ரத்தக்குழாய் காயம், கத்தி போன்ற கூரிய பொருளால் வந்த காயம் என்றால் கணக்கு வேறு, அங்கே நரம்பைத் திறந்து பார்க்கவே வேண்டும்.

அவருக்கு முதலில் மாவுக்கட்டு, வீக்கம் வடிந்ததும் மேற்கையைச் சுற்றி இறுக்கும் பிரேஸ். முதல் நாளிலிருந்தே மணிக்கட்டுக்கு ஒரு ஸ்பிளிண்ட், சுமார் 30 டிகிரி நிமிர்ந்தவாறு, விரல்கள் மடங்க வசதியாக. பலர் அலட்சியம் செய்வது இதைத்தான். எலும்புக்குக் கட்டு இருக்கிறதே, மணிக்கட்டுக்கு எதற்கு என்று கழற்றி வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் தொங்கும் மணிக்கட்டு அந்த நிலையிலேயே இறுகிவிடும். பிறகு நரம்பு திரும்பி வந்தாலும் அசைக்க மூட்டு இருக்காது. மறுகையால் விரல்களை அடிக்கணுவில் முழுதாக நிமிர்த்துவதையும், கட்டைவிரலை அகல விரிப்பதையும் ஒரு நாளில் பலமுறை செய்யச் சொன்னேன்.

எவ்வளவு காலம் பொறுப்பது என்பதை அளந்து பார்க்கலாம். அறுந்த உள்ளிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். அதற்கு முன் தொடங்கவே சில வாரம் பிடிக்கும். முறிவுக்குக் கீழே முதலில் கிளை வாங்கும் தசை பிரேக்கியோரேடியாலிஸ். அது அவருக்கு முறிவிலிருந்து 9 செ.மீ. தூரம், அதாவது 90 நாள், கூடவே அந்தச் சில வாரம். மூன்றரை முதல் நான்கு மாதத்தில் அந்தத் தசை துடிக்க வேண்டும் என்று தேதியை எழுதிக் கொடுத்தேன். தசையின் மின் செயல்பாட்டைப் பதிவு செய்யும் இ.எம்.ஜி. பரிசோதனையை மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் எடுத்தோம். முதல் வாரத்திலேயே எடுத்தால் நரம்பிழந்த தசையின் அடையாளங்கள் இன்னும் தோன்றியிருக்காது, காசு செலவழித்துத் தவறான ஆறுதல்தான் கிடைக்கும். நரம்பின் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீரென்று ஓடும். அந்த இடம் ஒவ்வொரு வருகையிலும் கீழிறங்குகிறதா என்றும் குறித்து வந்தோம்.

மூன்றாவது மாதத்தில் எலும்பு சேர்ந்துவிட்டது, மணிக்கட்டு அசையவில்லை. அவருடைய அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டார். 15ஆவது வாரம், கட்டைவிரல் மேலே பார்க்க முன்கையை வைத்து, நான் தடுக்கத் தடுக்க முழங்கையை மடக்கச் சொன்னேன். முழங்கைக்கு வெளிப்புறம் ஒரு மெல்லிய மேடு எழுந்து அடங்கியது. சில வாரங்களில், கையைப் பக்கவாட்டில் வைத்தால் மணிக்கட்டு நகர ஆரம்பித்தது. அப்புறம் ஈர்ப்பை எதிர்த்தும் எழுந்தது. விரல்கள் ஏழாம் மாதம் வாக்கில். கட்டைவிரல்தான் கடைசி, பத்து மாதமானது. அந்தத் தசைக்கு முறிவிலிருந்து தூரம் அதிகம், அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்த தேதி தாண்டியும் அந்த மேடு எழவில்லை, இ.எம்.ஜி.யிலும் அசைவில்லை என்றால் இன்னும் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகக் கூடாது. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் நரம்பைத் திறந்து பார்ப்பது முறை. அறுந்திருந்தால் ஒட்டு வைக்க வேண்டும். ஒட்டு வைத்த நரம்பும் அதே 1 மி.மீ. வேகத்தில்தான் தசைக்குப் போய்ச்சேர வேண்டும். நரம்பில்லாமல் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசை அதை ஏற்காது. அதுவும் கடந்துபோய் வருபவர்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை இருக்கிறது. முன்கையில் வேலை செய்துகொண்டிருக்கும் வேறு தசைகளின் நாண்களை மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் மாற்றிக் கட்டுவோம். அதை எத்தனை ஆண்டு கழித்தும் செய்யலாம், மூட்டுகள் இறுகாமல் இருந்தால்.