கோபுர ரெண்டரில் எதை மிரர் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

திருப்பணி தொடங்கும் முன்பே கோபுரத்தின் முப்பரிமாணப் படம் கேட்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. நன்கொடை நோட்டீஸ், வண்ணத் தேர்வு, கும்பாபிஷேக அழைப்பிதழ் என்று ஒரே ரெண்டர் பல இடங்களுக்குப் போகிறது. அப்படி வரும் படங்கள் பலவற்றில் இரண்டு குறைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் சிற்ப வரிசைகள் கலங்கிப்போய் அரிசி கொட்டியதுபோல் தெரிகின்றன. கிட்டே பெரிதாக்கிப் பார்த்தால், வலப்பக்கத்துப் பெருமாள் சங்கையும் சக்கரத்தையும் கை மாற்றிப் பிடித்திருக்கிறார்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது அழகுக் குறை அல்ல, பிழை.

Blender-இல் கோபுரத்தின் பாதியை மட்டும் மாடல் செய்து, நடுக்கோட்டில் Mirror போட்டு மறுபாதியை எடுப்பது எல்லோரும் செய்வதுதான். நிலைக்கு நிலை வெளியே நீட்டி நிற்கும் விளிம்பான கபோதம், அலங்காரக் கூடு, தூண், யாளி வரி, மகரம் இவற்றுக்கெல்லாம் அது சரி. துவாரபாலகர்கள்கூட ஒருவருக்கொருவர் எதிரொளியாகத்தான் நிற்பார்கள், கதாயுதம் ஊன்றிய பக்கமும் மடக்கிய காலும் உட்பட. ஆனால் தெய்வ உருவங்களுக்கு இடம் வலம் உண்டு. விஷ்ணுவின் மேல் வலக்கையில் சக்கரம், மேல் இடக்கையில் சங்கு என்பது பொது மரபு. நடராஜர் தூக்குவது இடது பாதம். மிரர் செய்த நடராஜர் வலது பாதம் தூக்கி நிற்பார். அது மதுரை வெள்ளியம்பலத்துக்கே உரிய கோலம், வேறு ஊர்க் கோபுரத்தில் தற்செயலாக வந்து நிற்க முடியாது.

பூணூலும் அப்படித்தான். இடது தோளிலிருந்து வலப்பக்க இடுப்புக்கு இறங்க வேண்டியது தோள் மாறிவிடும். துவாரபாலகரை மிரர் செய்யும்போது இதைப் பலரும் கவனிப்பதில்லை. உடலையும் ஆயுதத்தையும் மட்டும் மிரர் செய்து, பூணூலைத் தனி மெஷ்ஷாக வைத்து ஒவ்வொருவருக்கும் இடது தோளில் போட்டுவிட்டால் தீர்ந்தது. தெய்வ உருவங்களை Mirror-க்கு வெளியே வைத்து, Alt+D கொடுத்து நகலெடுத்து, இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். அளவில் எங்கும் −1 வரக் கூடாது. மாடத்தின் இடமும் உயரமும் இருபுறமும் ஒன்றாக இருந்தாலே சமச்சீர் நிற்கும். உள்ளே நிற்கும் மூர்த்தி எதிரொளியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, தூரத்துக் கலங்கலுக்கு வருவோம். அதற்கு முதலில் ஒரு கணக்கு போட வேண்டும். ஏழு நிலை, 100 அடி உயரக் கோபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் 3840×2160. அதில் கோபுரம் 1400 பிக்சல் உயரம் பிடிக்கிறது. அப்படியானால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 2.2 செ.மீ. கீழ்நிலையில் நிற்கும் ஐந்தடிச் சிற்பத்துக்கு 70 பிக்சல் கிடைக்கும், முகத்துக்கு ஒன்பதோ பத்தோ. மேல்நிலையில் இரண்டரை அடிச் சிற்பத்தின் முகத்துக்கு நாலைந்து பிக்சல்தான். அதில் இமையையும் உதட்டையும் செதுக்கி வைத்தால் அவை தெரியாது. படத்தில் புள்ளிப் புள்ளியான இரைச்சலாக மட்டும் மாறும்.

திரும்பத் திரும்ப வரும் அலங்காரத்தில் இது இன்னும் மோசம். 4 செ.மீ. இடைவெளியில் ஓடும் முத்து வரிசை இரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு முத்தும் ஒரு இடைவெளியும் சேர்ந்து இரண்டு பிக்சலுக்குக் கீழே போனால், அங்கே இல்லாத அகலமான கோடுகள் அலையலையாகத் தோன்றும். 10 செ.மீ. பூ வரிசை இந்தப் படத்தில் நாலரை பிக்சல், அதாவது பிழைத்துவிடும். ஆனால் அதே படம் கைக்குக் கை அனுப்பப்பட்டு 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கினால், அதுவும் இரண்டு பிக்சலுக்குக் கீழே வந்துவிடும். பெரும்பாலானோர் பார்ப்பது அந்தச் சுருங்கிய படத்தைத்தான். அதனால் நான் கணக்கைப் பெரிய படத்துக்குப் போடுவதில்லை, 1600-க்குத்தான் போடுகிறேன். அதில் நாலு பிக்சல்கூடத் தேறாத வரிசையை எடுத்துவிட்டு, அதே சராசரி நிறத்தில் ஒரு வெற்றுப் பட்டை வைத்துவிடுவேன். கிட்டக் காட்சிக்கு முழு மாடல் தனியாக இருக்கும்.

அலங்காரத்தைக் குறைத்தால் கோபுரம் மொட்டையாகத் தெரியாதா என்று கேட்பார்கள். தூரத்தில் கோபுரத்தைக் கோபுரமாகக் காட்டுவது முத்து வரிசை அல்ல, நிலைக்கு நிலை கபோதத்தின் கீழே விழும் நிழல். 40 செ.மீ. நீட்டிய கபோதத்துக்கு 45 பாகை உயரத்தில், சற்றே பக்கவாட்டில் சூரியனை வைத்தால், ஏறக்குறைய 20 பிக்சல் தடிமனுக்கு நிழற்பட்டை கிடைக்கும். சுருங்கிய படத்திலும் எட்டு பிக்சல் மிஞ்சும். ஏழு நிலைகளும் எண்ணிப் பார்க்கும்படி பிரிந்து நிற்பதற்கு அதுதான் காரணம். சிற்பத்துக்கும் அப்படியே, முகத்தைவிட வெளிக்கோடு முக்கியம். கைக்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடைவெளியைச் சற்று அகலப்படுத்தி, பின்சுவரை ஒரே நிறத்தில் விட்டால் சின்ன உருவமும் தெளிவாக நிற்கும். சுதை வேலையில் கண்ணையும் புருவத்தையும் தடித்த கோட்டில் எழுதுவதும் கீழே நின்று பார்ப்பவருக்காகத்தானே.

அப்புறம் வரிசைகளின் இடைவெளி. ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அடுக்கும் Array-யை ஒரு முனையில் தொடங்கி நீளத்துக்கு ஓடவிட்டால், மறுமுனையில் அரைக்கூடு ஒன்று மிஞ்சி மூலைக் கர்ணகூட்டில் போய் முட்டும். நடுவிலிருந்து பிரிப்பதே முறை. 12 மீட்டர் அகல நிலையில் நடு வாயிற்பகுதிக்கு 3 மீட்டர், இரு மூலைகளுக்கும் தலா 1.2 மீட்டர் என்று முதலில் ஒதுக்குங்கள். பக்கத்துக்கு 3.3 மீட்டர் மிஞ்சும். 60 செ.மீ. கூடு என்றால் ஐந்தரை வரும். அதை ஐந்தாக்கி, இடைவெளியை 66 செ.மீ. ஆக்கிவிடலாம். அடுத்த நிலை பத்தில் ஒரு பங்கு குறுகி 10.8 மீட்டரானால் எல்லாமே அதே விகிதத்தில் குறையட்டும், இடைவெளி 59.4 செ.மீ. ஆகும், ஆனால் எண்ணிக்கை ஐந்தாகவே இருக்கட்டும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் கூடுகள் கலசத்தை நோக்கிச் சாய்ந்த கோடுகளாகச் சேரும். ஒரு நிலையில் ஐந்து, மேலே நாலு என்று மாற்றினால் அந்தக் கோடு அறுந்துவிடும். எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாதவருக்கும் கோபுரம் கோணலாகப் படும்.

கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல் நேராக நிறுத்தி, Shift Y-யால் சட்டத்தை மேலேற்றுங்கள். கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகுவது. அண்ணாந்த கேமரா அதை இன்னும் குறுக்கி, மேல்நிலைகளை நசுக்கிவிடும். கேமரா நடுக்கோட்டில் துல்லியமாக இருக்க வேண்டும். சற்று விலகினாலும் நுண் வரிசைகள் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் ஒரு மாதிரியும் பிக்சலில் விழும். குறைந்த சாம்பிளில் எடுத்துவிட்டு டீநாய்சரை நம்பினாலும் இதே கதிதான். ஒரு பக்கத்து யாளிக்கு முகம் இருக்கும், எதிர்ப்பக்கத்து யாளி கரைந்திருக்கும்.

ஸ்தபதிக்கு அனுப்பும் முன் நான் செய்யும் சோதனை இது. நிழல் இல்லாத சீரான வெளிச்சத்தில், எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறத்தில் வைத்து, நிறையச் சாம்பிளில் ஒரு ரெண்டர் எடுப்பேன். அதன் நகலை இடவலமாகத் திருப்பி மேலே அடுக்கி, இரண்டும் வேறுபடும் இடத்தை மட்டும் வெளிச்சமாகக் காட்டும் Difference கொடுப்பேன். கட்டுமானமும் அலங்காரமும் முழுக்கக் கறுப்பாக மறைய வேண்டும். கபோத ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் கேமராவோ அந்த வரிசையோ விலகியிருக்கிறது. தெய்வ உருவங்களும் பூணூலும் மட்டும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். நடுக்கோட்டுக்கு வெளியே உள்ள மாடத்தில் ஏதாவது ஒரு மூர்த்தி கறுப்பில் மறைந்துபோனால், அவர் இன்னும் Mirror-க்குள்தான் இருக்கிறார் என்று அர்த்தம். அதைச் சரிசெய்த பிறகு, கீழ்நிலையிலிருந்து மாடம் மாடமாகப் பெரிதாக்கி எடுத்த படங்களை ஸ்தபதியிடம் கொடுத்து, ஆயுதமும் முத்திரையும் சரிதானா என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.