ஜன்னல் ஒரு பக்கம், தெர்மாகோல் மறுபக்கம்

வீட்டுக்குள் போனில் எடுத்த வீடியோவில் முகம் கறுத்துப்போகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது?" என்றுதான்.

அண்மையில் ஒரு கணக்கு ஆசிரியை தன் பாட வீடியோவைக் காட்டினார். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால். அந்த வெளிச்சத்தைப் பார்த்து போன் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிட, முகம் நிழலுருவமாகிப் போயிருந்தது. டியூப்லைட்டைப் போட்டும் பார்த்திருக்கிறார். ஒரு கன்னம் நீலம், இன்னொன்று பச்சை என்று ஆகிவிட்டது. பகல் வெளிச்சமும் விளக்கும் வெவ்வேறு நிறம். போனால் இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய முடியாது.

விளக்கை அணைத்தோம். நாற்காலியை ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளிப் போட்டு, ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில், சற்றே முன்னால் இருக்கும்படி உட்காரவைத்தோம். நேர் வெயில் விழுந்ததால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டோம். இப்போது ஒரு கன்னம் அழகாக இருந்தது, மறு கன்னம் இருட்டு. இந்த இடத்தில்தான் பலர் விளக்கு வாங்கக் கிளம்புகிறார்கள்.

தேவைப்பட்டது ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை மட்டும். முகத்தைத் தாண்டிப் போகும் வெளிச்சத்தை அது இருட்டுப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் தூரம் முக்கியம். ஐந்தடியில் வைத்தபோது வித்தியாசமே தெரியவில்லை. பிரேமுக்குச் சற்று வெளியே, இரண்டடிக்குக் கொண்டுவந்ததும் நிழலில் இருந்த கண் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் நெருக்கினால் நிழலே இல்லாமல் பாஸ்போர்ட் போட்டோ போலத் தட்டையாகிவிடும். அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். உயரம் முகத்துக்கு நேராக இருக்கட்டும். மிகவும் கீழே வைத்தால் பேய்ப்படத்து வெளிச்சம்தான்!

சமையலறை அலுமினியத் தாளும் உதவும், வெளிச்சம் மிகக் குறைவாக இருந்தால். ஆனால் அப்படியே ஒட்டினால் முகத்தில் திட்டுத்திட்டாக விழும், கண்ணும் கூசும். நன்றாகக் கசக்கி, பிரித்து, அட்டையில் ஒட்டுங்கள். பச்சைச் சுவரையோ சிவப்புத் துணியையோ நம்ப வேண்டாம். அந்த நிறமும் முகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆசிரியையின் மூக்குக்கண்ணாடியில் அட்டை வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடியின் காதுப்பக்கத்தை ஒரு இம்மி உயர்த்தினோம். கண்ணாடி லேசாகக் கீழ்நோக்கிச் சாய, அது மறைந்துவிட்டது.

அப்புறம், போன் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கையசைக்கும்போதெல்லாம் படத்தின் வெளிச்சம் கூடிக் குறையும். பூட்டிய பிறகு மேகம் வந்தால் முகம் மங்கும். நிறுத்தி மறுபடி பூட்டிக்கொள்ளுங்கள்.

தெர்மாகோல் வெளிச்சத்தைத் திருப்பித்தான் தரும், உண்டாக்காது. மாலையில் ஜன்னலே மங்கிவிட்டாலோ, நாற்காலி அறையின் மறுகோடியில் இருந்தாலோ எத்தனை அட்டை வைத்தும் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆசிரியையின் வீட்டில் நான்கு மணிக்கு மேல் அப்படித்தான் ஆனது. மீதிப் பாடத்தை மறுநாள் காலையில் எடுத்தோம்.