ஜனவரியில் மட்டும் பெருகும் பிறந்தநாள்கள்

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை உள்ள கடைகளுக்குக் கணக்கு ஷீட்டுகளை அமைத்துக் கொடுப்பதும், பழுதானவற்றைச் சரிசெய்வதும் என் தொழில். வாடிக்கையாளர்களின் பிறந்த தேதிப் பட்டியலை வைத்துக்கொண்டு, இந்த மாதம் பிறந்தநாள் வருபவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பரிசு அனுப்பும் வழக்கம் இப்போது நகைக்கடை, ஜவுளிக்கடை, பேக்கரி என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அதோடு, ஒவ்வொரு ஜனவரியிலும் எண்ணிக்கை தாறுமாறாக வருகிறது என்ற புகாரும் தவறாமல் வந்து சேர்கிறது. இந்த ஆண்டும் வந்த பிறகு, இனி தனித்தனியே விளக்கிப் பயனில்லை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

இந்த ஆண்டின் புகார் மார்த்தாண்டம் பகுதியிலுள்ள ஒரு நகைக்கடையிலிருந்து வந்தது. எக்செல் ஷீட்டில் 640 வாடிக்கையாளர்களின் பெயர் A பத்தியிலும், பிறந்த தேதி B பத்தியிலும் இருந்தன. பின்னால் சேரப்போகும் பெயர்களுக்கும் இடம் இருக்கட்டும் என்று ஃபார்முலாவை 1000-ஆவது வரி வரைக்கும் நீட்டிப் போட்டிருந்தார்கள்.

```
=SUMPRODUCT(--(MONTH(B2:B1000)=MONTH(TODAY())))
```

விடை 474 என்று வந்தது. கடைக்காரர் அதை நம்பி 474 சாவிக்கொத்துகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டியலில் ஜனவரியில் பிறந்தவர்கள் உண்மையில் 44 பேர்தான். 640 பேரில் முக்கால் பங்கினர் ஒரே மாதத்தில் பிறந்திருக்க முடியுமா என்று கடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மீதி 430 எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை எளிது. எக்செல் காலியான செல்லை 0 என்று எடுத்துக்கொள்கிறது. அந்த 0-வைத் தேதியாகப் படித்தால் 1900 ஜனவரியின் பூஜ்ஜியமாவது நாள் என்று கொள்கிறது. ஆகவே காலி செல்லின் மாதம் 1 ஆகிவிடுகிறது. தேதி தெரியாமல் விட்ட வாடிக்கையாளர்கள் 71 பேர், பட்டியலுக்குக் கீழே 642 முதல் 1000 வரை காலியாகக் கிடந்த வரிகள் 359, இரண்டும் சேர்ந்து 430. பிப்ரவரி முதல் டிசம்பர் வரை இதே ஃபார்முலா சரியான விடையையே தரும் என்பதால், ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. கூகுள் ஷீட்ஸில் இதே பிழை ஜனவரியில் வராது, டிசம்பரில் வரும். அங்கே 0 என்பது 1899 டிசம்பர் 30-ஐக் குறிக்கிறது. கடையில் எக்செலும் வீட்டில் கூகுள் ஷீட்ஸும் பயன்படுத்துகிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் சிறியது.

```
=SUMPRODUCT((B2:B1000<>"")*(MONTH(B2:B1000)=MONTH(TODAY())))
```

ஆனால் பெரும்பாலான கடைகளில் இந்த ஃபார்முலாவரைகூட வந்து சேர்வதில்லை; அதற்கு முன்பே ஒரு தவறான எண்ணம் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவதுதான் செல்லுக்குள் இருக்கிறது என்பதே அந்த எண்ணம். எத்தனை முறை சொன்னாலும் இது போகமாட்டேன் என்கிறது. முதலில் `COUNTIF(MONTH(B2:B1000),1)` என்று எழுதிப் பார்க்கிறார்கள். எக்செல் அதை ஏற்பதில்லை, ஏனெனில் COUNTIF முதலில் கேட்பது ஷீட்டில் உள்ள ஒரு பகுதியை. கணக்கிட்டு உருவாக்கிய வரிசையைக் கொடுத்தால் அது வாங்காது. உடனே B பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மட்டை `mmmm` என்று மாற்றுகிறார்கள். செல்களில் வரிசையாக January, May, August என்று தெரிகிறது. மகிழ்ச்சியோடு `=COUNTIF(B2:B1000,"January")` என்று போடுகிறார்கள். விடை 0. எக்செல் கெட்டுப்போய்விட்டது, புதிதாகப் போட்டுத் தாருங்கள் என்று எனக்குத் தொலைபேசி வருகிறது.

எக்செல் கெட்டுப்போகவில்லை. 15-01-1978 என்று நீங்கள் அடிக்கும்போது அந்தச் செல்லுக்குள் போய் உட்காருவது 28505 என்ற எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணி வரும் வரிசை எண் அது. ஃபார்மட் என்பது அந்த எண்ணுக்குப் போட்டுவிடும் சட்டைதான். 15-01-1978 என்ற சட்டையானாலும், January என்ற சட்டையானாலும் உள்ளே இருப்பது அதே 28505. COUNTIF சட்டையைப் பார்ப்பதில்லை. 15-01-1992 அன்று பிறந்தவருடைய செல்லில் இருப்பது 33618. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஜனவரி என்று சொல்லும் அடையாளம் எதுவும் அவற்றில் இல்லை. மாதத்தைக் கணக்கிட்டு வெளியே எடுக்கும் வேலையை MONTH செய்யும். நம்பிக்கை வராதவர்கள் ஏதாவது ஒரு தேதிச் செல்லின் ஃபார்மட்டை General என்று மாற்றிப் பாருங்கள், எண் வெளியே வந்து நிற்கும்.

இதே எண்ணத்தின் இன்னொரு வடிவம் மேலும் ஆபத்தானது. சிலர் `=COUNTIF(B2:B1000,"*-01-*")` என்று எழுதுகிறார்கள். நட்சத்திரக் குறி எழுத்துகளில்தான் பொருந்தும், எண்ணில் பொருந்தாது. எனவே சரியாகப் பதிவான தேதி ஒன்றையும் அது எண்ணாது. தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிட்ட பழுதான செல்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்து கொடுக்கும். விடை 0 ஆக இல்லாமல் 6 என்றோ 9 என்றோ வருவதால், பார்ப்பவர் நம்பிவிடுகிறார்.

எழுத்தாக நிற்கும் தேதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 15.01.1978 என்று புள்ளி வைத்து அடித்தவை பல கணினிகளில் தேதியாக மாறுவதில்லை. அப்படி ஒரு செல் இருந்தாலும் மேலே சொன்ன SUMPRODUCT ஃபார்முலா மொத்தமும் `#VALUE!` என்று காட்டும். அதைப் பார்த்ததும் IFERROR போட்டு மூடிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே பழுது இருக்கிறது என்று ஷீட் தானாகவே சொல்லும் ஒரே இடம் அது; அதன் வாயையும் அடைத்துவிட்டால் பிறகு நானும் கண்டுபிடிக்க வழியில்லை. `=COUNTA(B2:B1000)` என்பதிலிருந்து `=COUNT(B2:B1000)` என்பதைக் கழித்தால், எழுத்தாக நிற்கும் செல்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். முன்னது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும், பின்னது எண்களை மட்டும் எண்ணும்.

கழித்து வந்த விடை பெரிதாக இருந்தால், கணினியின் தேதி அமைப்பைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் Region அமெரிக்கா என்று இருக்கும் கணினியில், ஜனவரி 5 என்று நினைத்து 05-01-1978 என்று அடித்தால் அது மே 1 ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. 15-01-1978 என்று அடித்தால் பதினைந்தாவது மாதம் இல்லாததால் எழுத்தாகவே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு: உண்மையான தேதியாகப் பதிவானவற்றில் ஒன்றில்கூட நாள் 12-ஐத் தாண்டாமல், எழுத்தாக நிற்பவற்றில் எல்லாம் நாள் 12-க்கு மேல் இருந்தால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. இதில் எழுத்தாக நிற்பவை பரவாயில்லை, கண்ணில் படுகின்றன. அமைதியாக மாதம் மாறிப்போனவைதான் வாடிக்கையாளருக்குத் தவறான மாதத்தில் வாழ்த்து அனுப்புகின்றன. முதலில் Region-ஐ இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே புரண்டு கிடப்பவற்றை `=DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2))` என்று பக்கத்துப் பத்தியில் புரட்டி எடுக்கலாம், ஆனால் அந்தக் கணினியில் பதிவானவற்றுக்கு மட்டும்.

எந்த ஃபார்முலாவைப் போட்டாலும் அதை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். `MONTH(TODAY())` என்பதை முழுவதுமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1 முதல் 12 வரை எண்களைக் கொடுத்து, பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனியே எண்ணிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை `=COUNT(B2:B1000)` தரும் எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும். மார்த்தாண்டம் ஷீட்டில் தேதி பதிவானவர்கள் 569 பேர். பழைய ஃபார்முலாவின் பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகை 999 வந்தது. அதாவது இருக்கும் செல்கள் அத்தனையையும் அது யாரோ ஒருவருடைய பிறந்தநாளாகக் கணக்கில் வைத்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், சாவிக்கொத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம்.

இப்படிக் கூட்டிப் பார்க்கும்போது மே மாத எண்ணிக்கை மற்ற மாதங்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் ஃபார்முலாவைக் குறை சொல்ல வேண்டாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக ஆசிரியரே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்ட தலைமுறை நம் பட்டியல்களில் நிறையவே இருக்கிறது. சான்றிதழில் உள்ள தேதிக்கு வாழ்த்து அனுப்பினால் அவர்கள் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. வயதான வாடிக்கையாளர்கள் சிலர் கொல்லம் ஆண்டுக் கணக்கில், 1130 ஆவணி என்பதுபோலச் சொல்வார்கள். அது 1954 ஆகஸ்ட் நடுவில் தொடங்கிச் செப்டம்பர் நடுவரை போகும் மாதம். நாள் தெரியாமல் எந்த ஆங்கில மாதம் என்று சொல்ல முடியாது. கவுன்டரில் இருக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் மனம்போன ஒரு தேதியை அடித்துவிடுகிறார்கள், அல்லது ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தச் செல்லைக் காலியாகவே விடச் சொல்லுங்கள். காலியை ஒதுக்கும் ஃபார்முலாவை மேலே கொடுத்திருக்கிறேன். பொய்த் தேதியை ஒதுக்கும் ஃபார்முலா கிடையாது.

கடைசியாக, பரிசுப் பொருளுக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டியிருப்பதால் பலர் அடுத்த மாதத்தை எண்ணுகிறார்கள். அதற்கு `MONTH(TODAY())+1` என்று எழுதாதீர்கள். டிசம்பரில் அது 13 ஆகும், 13-ஆவது மாதத்தில் யாரும் பிறக்கவில்லை என்று எக்செல் 0 காட்டும். `MONTH(EDATE(TODAY(),1))` என்று எழுதினால் டிசம்பருக்கு அடுத்து 1 என்றே வரும். அப்படி டிசம்பரிலேயே ஜனவரியை எண்ணும்போதும் காலி செல்கள் அதே 1 என்ற எண்ணோடு காத்திருக்கும் என்பதால், இதையும் திருத்திய ஃபார்முலாவுக்குள்ளேயே போடுங்கள்.