1440-ஐ 1080 ஆக்கினால் போனுக்குள் என்ன நடக்கிறது?

சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் திரையில் குறுக்கே 1440, நெடுக்கே 3120 புள்ளிகள் உண்டு. ஆனால் பெட்டியைப் பிரித்துப் போனை இயக்கும்போது அது 1080-க்கு 2340 என்ற அளவில்தான் படம் வரைந்துகொண்டிருக்கும். Settings > Display > Screen resolution போனால் HD+, FHD+, QHD+ என்று மூன்று தேர்வுகள் தெரியும். நடுவில் இருக்கும் FHD+ தான் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். முழு அளவு வேண்டுமென்றால் நாமே போய் மாற்ற வேண்டும். பேட்டரி மிச்சமாகும் என்று இன்னும் ஒரு படி இறங்கி HD+ வைத்துக்கொள்பவர்களும் உண்டு. உண்மையில் என்ன மிச்சமாகிறது?

அளவைக் குறைத்தால் திரையில் சில புள்ளிகள் அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு புள்ளிகூட அணைவதில்லை. HD+ வைத்தாலும் நாற்பத்தைந்து லட்சம் புள்ளிகளும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓஎல்இடி திரை எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதைப் பிரகாசமும் நிறமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன: வெள்ளைப் பக்கம் அதிகம் குடிக்கும், கறுப்புப் பக்கம் குறைவாகக் குடிக்கும். போன் செலவில் பெரும்பங்காக இருக்கும் அந்த வெளிச்சத்தை இந்த அமைப்பு தொடுவதே இல்லை.

குறைவது வரையும் வேலை. ஆப் கேட்கும் படத்தை, படம் வரையும் சிப்பான ஜிபியு நினைவகத்தில் புள்ளி புள்ளியாக வரைகிறது. முழு அளவில் ஒரு படத்துக்கு 44,92,800 புள்ளிகள், FHD+ இன் 1080-இல் 25,27,200, HD+ இன் 720-இல் 11,23,200. புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஒரு முழுப் படம் சுமார் 18 மெகாபைட். நொடிக்கு 120 முறை புதிதாக வரைந்தால், அதைத் திரைக்கு அனுப்ப நினைவகத்திலிருந்து படிப்பது மட்டும் நொடிக்கு 2 ஜிகாபைட்டைத் தாண்டும். FHD+ இதைப் பாதிக்குச் சற்று மேலே, 56 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறது. வரைந்து முடித்த சிறிய படத்தை, போனின் சிப்பில் இருக்கும் திரைக் கட்டுப்பாட்டுப் பகுதியோ திரையோடு ஒட்டிய டிரைவர் சிப்போ இழுத்துப் பெரிதாக்கி எல்லாப் புள்ளிகளிலும் நிரப்புகிறது. அதற்கென்றே செய்த சர்க்யூட் என்பதால் இந்த இழுப்புக்கு ஆகும் மின்சாரம் குறைவு.

ஆகவே மிச்சம் எப்போது கிடைக்கும் என்பதையும் இதிலிருந்தே சொல்லிவிடலாம். விடாமல் ஸ்க்ரோல் செய்யும்போதும், திரையின் முழு அளவிலேயே வரையும் விளையாட்டுகளிலும் கிடைக்கும். ஒரு கட்டுரையைத் திறந்து அசையாமல் படித்துக்கொண்டிருந்தால் ஜிபியு புதிதாக எதையும் வரைவதில்லை. எஸ்24 அல்ட்ராவின் திரை அப்போது நொடிக்கு ஒரு முறை என்ற வேகம்வரை இறங்கிவிடும். அந்த நேரத்தில் அளவைக் குறைத்தும் பெரிய பயன் இல்லை. 1080 வீடியோவை டிகோடர் எப்படியும் 1080 ஆகத்தான் பிரிக்கிறது. பல பெரிய விளையாட்டுகள் ஏற்கெனவே உள்ளுக்குள் சிறிய அளவில் வரைந்து தாமே பெரிதாக்கிக்கொள்கின்றன. பிரகாசத்தைக் கொஞ்சம் இறக்குவதோ 120 ஹெர்ட்ஸை 60 ஆக்குவதோ பெரும்பாலானவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தரும்.

இனி எழுத்து. ஆண்ட்ராய்டில் எழுத்து ஒரு கோட்டோவியமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. எந்த அளவில் வரைகிறோமோ அந்த அளவுக்கான புள்ளிகளாக அது மாறும். வழக்கமான 14 அளவு எழுத்து முழு அளவில் ஏறக்குறைய 52 புள்ளி உயரத்தில் வரையப்படுகிறது என்றால், FHD+ இல் 39, HD+ இல் 26. கோட்டின் தடிமன் எழுத்து உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அது நான்கு புள்ளி, மூன்று புள்ளி, இரண்டு புள்ளி என்று மெலிகிறது. ஆங்கில எழுத்து இரண்டு புள்ளிக் கோட்டைத் தாங்கும். தமிழில் நெருக்கமான சுழிகள் அதிகம். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வேறுபாடே ஒரு சுழிதான். சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் ஓரிரு புள்ளிக்குச் சுருங்கும்போது ஓரங்களின் சாம்பல் நிறம் உள்ளே கசிந்து அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளியும் கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டியதுபோல் தெரியும்.

கண்ணுக்கு இது தெரியுமா என்பது போனை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சராசரி நல்ல பார்வை பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 30 செ.மீ. தூரத்தில் அது அங்குலத்துக்குச் சுமார் 290 புள்ளி. 6.8 அங்குலத் திரையில் QHD+ என்றால் அங்குலத்துக்கு 505, FHD+ என்றால் 379, HD+ என்றால் 253. அதனால்தான் FHD+ இல் பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரிவதில்லை, HD+ இல் தெரிகிறது. படுத்துக்கொண்டு 20 செ.மீ. தூரத்தில் படித்தால் தேவை 437 ஆக உயர்கிறது. அப்போது FHD+ உம் கொஞ்சம் மங்கும்.

FHD+ க்கு இன்னொரு சின்னச் சிக்கல் உண்டு. 1440-ஐ 1080-ஆல் வகுத்தால் ஒன்றேகால் தாண்டி 1.33. ஒரு புள்ளி அகலக் கோடு திரையில் ஒன்றரைக்கும் குறைந்த புள்ளியில் உட்கார வேண்டும்; முடியாததால் பக்கத்துப் புள்ளியோடு கலந்து சாம்பலாகிறது. அட்டவணைகளில் சில கோடுகள் தடிப்பாகவும் சில மெலிதாகவும் தெரிந்தால் காரணம் இதுதான். HD+ இல் விகிதம் சரியாக 2 என்பதால் இந்தக் குறை மட்டும் இல்லை.

ஆப்பின் அமைப்பு மாறுமா? மாறக் கூடாது. ஆப்கள் புள்ளியைக் கணக்கில் கொள்வதில்லை. டிபி என்ற அலகில் அளக்கின்றன. புள்ளி எண்ணிக்கையை 160-ஆல் பெருக்கி, போனில் அமைத்திருக்கும் திரை அடர்த்தி எண்ணால் வகுத்தால் டிபி கிடைக்கும்; இது மேலே சொன்ன அங்குலக் கணக்கு அல்ல. 1440 புள்ளிக்கு அடர்த்தி 600 என்றால் அகலம் 384 டிபி. சாம்சங் அமைப்பு 1080-க்கு இறங்கும்போது அடர்த்தியையும் 450 ஆக்குகிறது: மறுபடியும் 384. 720-க்கு 300: அதே 384. அதனால் பொத்தானும் வரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாற்றும் நொடியில் திறந்திருக்கும் சில ஆப்கள் மூடிக்கொள்ளும், ஏனென்றால் படங்களையும் எழுத்தையும் புது அடர்த்திக்கு மீண்டும் ஏற்ற வேண்டும். பாதி நிரப்பிய படிவம் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

தகராறு வருவது, இந்த அமைப்பு இல்லாத போனில் கணினியிலிருந்து adb என்ற கருவி வழியாகக் கட்டளை கொடுத்து அளவை மட்டும் மாற்றும்போது. அடர்த்தி 600 ஆகவே நின்றுவிட்டால் 1080 × 160 ÷ 600, அதாவது 288 டிபி. எல்லாம் வீங்கி, பொத்தானின் எழுத்து வெட்டுப்பட்டு, உரையாடல் பெட்டியின் ‘சரி’ திரைக்கு வெளியே போய்விடும். எதிர்ப்பக்கமாக அடர்த்தியை 384-க்கு இறக்கி 1440-ஐ அப்படியே விட்டால் அகலம் 600 டிபி ஆகி, பல ஆப்கள் டேப்லெட் என்று நினைத்து இரண்டு பத்தி அமைப்புக்குத் தாவும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே வழி:

```
adb shell wm size 1080x2340
adb shell wm density 450
```

இந்த எண்கள் மேலே சொன்ன திரைக்கானவை. எந்தப் போனிலும் முதலில் `adb shell wm size`, `adb shell wm density` என்று மட்டும் கொடுத்து இருப்பதைக் குறித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். நீள அகல விகிதம் தவறினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும். இந்த மாற்றம் போனை அணைத்துப் போட்டாலும் போகாது. பழையபடி ஆக்க `adb shell wm size reset`, `adb shell wm density reset` இரண்டும் வேண்டும்.

மாற்றம் உண்மையில் நடந்ததா என்று பார்க்க ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன் விவரத்தைத் திறந்தால் போதும். அது திரைக்கு இழுப்பதற்கு முந்தைய படம் என்பதால் 1080 × 2340 என்று காட்டும். நண்பருக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டும் அதே சிறிய அளவில்தான் போகும்.