நாற்பது செல்ஃபி எதற்கு?

கல்யாண சீசன் வந்தால் தருமபுரி ஸ்டுடியோக்காரர்களுக்கு இப்போது புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. "என் முகத்தை வச்சு ஏஐல நாலு படம் போட்டுக் கொடுங்கண்ணா. கோட் சூட்ல ஒண்ணு, ராஜா வேஷத்துல ஒண்ணு, பிளெக்ஸுக்குப் பெருசா ஒண்ணு." செய்து தரலாம். ஆனால் நான்கு படத்திலும் அதே ஆள் தெரிய வேண்டுமென்றால், உங்கள் முகத்துக்கென்றே லோரா என்ற சிறு கோப்பு ஒன்றைப் பயிற்சி கொடுத்து உருவாக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நீங்கள் அனுப்பும் படங்கள்தான் தீனி. அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

போன வாரம் பென்னாகரம் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் நாற்பது செல்ஃபி அனுப்பினார். முக்கால்வாசி ஒகேனக்கல்லில் ஒரே நாளில் எடுத்தவை. பரிசலில் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், பின்னால் பாறை, நெற்றியில் ஈர முடி. நான் வேண்டாம் என்றேன். "இதுலதான் அண்ணா நான் நல்லா இருக்கேன், இதையே போடுங்க" என்று பிடிவாதம். போட்டுக் காட்டினேன். கோட் சூட் படத்தில் காலருக்குக் கீழே ஆரஞ்சுத் திட்டு, ராஜா படத்தில் தோளில் ஆரஞ்சுப் பட்டை, எல்லாவற்றிலும் தலைமுடி ஈரம். இடது கன்னத்தில் இருக்கும் மச்சம் ஒரு படத்தில் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம், மூன்றாவதில் இரண்டு பக்கமும்! அவருடைய அம்மா பார்த்துவிட்டு, "யாருப்பா இது, உன் சித்தப்பா பையனா?" என்று கேட்டாராம்.

நிறையப் படம் கொடுத்தால் முகம் நன்றாக வரும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. 2022இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட, ஒரு ஆளையோ பொருளையோ ஏஐக்குப் பழக்கும் ட்ரீம்பூத் முறைக்கே மூன்று முதல் ஐந்து படங்கள் போதும் என்றார்கள். முகத்துக்கு நான் பதினைந்து, இருபதோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் முகம் எது, உங்கள் சட்டை எது என்று படம் போடும் அந்த ஏஐ மாடலுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லாப் படத்திலும் எது மாறாமல் இருக்கிறதோ அதை ஆளின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். முப்பது படத்தில் லைஃப் ஜாக்கெட் இருந்தால், அதன் கணக்கில் லைஃப் ஜாக்கெட்டும் நீங்கள்தான். ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதும்போது 'ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்' என்று எழுதிவைத்தால் ஓரளவு பிரியும். அது இல்லாத படங்களும் போதுமான அளவு இருந்தால்தான் சுத்தமாகப் பிரியும். அதனால் நாற்பதில் அந்த நாளுக்கு இரண்டு படம் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினேன். ஒரே நொடியில் தட்டித் தட்டி எடுத்த ஐந்து படம் ஐந்து ஆகாது, ஒன்றுதான்.

மச்சம் இடம் மாறியது கண்ணாடித் திருப்பத்தால். செல்ஃபி கேமராவில் நீங்கள் பார்ப்பது இடவலம் திரும்பிய முகம். சில போன்கள் அப்படியே சேமிக்கும், சில திருப்பிச் சேமிக்கும், சிலவற்றில் செட்டிங்கைப் பொறுத்தது. பழைய போன் படமும் புதுப் போன் படமும் கலந்தால் இரண்டும் கலந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, சட்டைப் பாக்கெட். ஆண்கள் சட்டையில் பாக்கெட் இடது மார்பில் இருக்கும், எனவே சரியான படத்தில் பார்ப்பவருக்கு வலப்பக்கம் தெரிய வேண்டும். டி-ஷர்ட் என்றால் எழுத்தைப் பாருங்கள். தலைமுடி வகிடும் காட்டிக்கொடுக்கும். திரும்பியிருந்தால் கிடைமட்டமாக ஒருமுறை திருப்பினால் முடிந்தது. பயிற்சி மென்பொருளில் தானாகத் திருப்பிக் காட்டும் வசதி ஒன்று உண்டு, முக வேலைக்கு அதை நான் அணைத்தே வைப்பேன்.

அடுத்தது மூக்கு. கையை நீட்டி எடுக்கும் படத்தில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் எடுத்தால், 1.5 மீட்டரில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. எல்லாமே செல்ஃபி என்றால் மாடலுக்கு அந்த மூக்குதான் உங்கள் மூக்கு. அப்புறம் முழு உயரப் படம் கேட்டால், தூரத்தில் நிற்கும் ஆளுக்குக் கிட்டத்தில் எடுத்த மூக்கை ஒட்டித் தரும். அந்த அம்மாவுக்குச் சித்தப்பா பையன் தெரிந்தது பாதி இதனால்தான்.

மீதிப் பாதி பியூட்டி மோடு. தயவுசெய்து அதை அணையுங்கள். நீங்கள் ஆன் செய்யாவிட்டாலும் பல போன்களில் முன் கேமராவுக்கு அது கொஞ்சம் ஆனிலேயே இருக்கும். புருவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி தனித்தனியாகத் தெரியாமல் பெயின்ட் அடித்தது போல இருந்தால் அந்தப் படம் வேண்டாம். தாடைக்குப் பக்கத்தில் கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ வளைந்திருந்தால் முகத்தை ஒல்லியாக்கியிருக்கிறது என்று அர்த்தம். "நீங்க கொஞ்சம் ஒரிஜினலா மாத்திக்கோங்கண்ணா" என்கிறார்கள். அழிந்த தோலை எங்கிருந்து எடுப்பது?

சரி, அந்த மாப்பிள்ளைக்கு நாற்பதில் தேறியது ஆறு. மீதியை எடுக்கத் தம்பியை வைத்து வீட்டு வாசலில் நிற்கச் சொன்னேன். காலை எட்டு மணி வெளிச்சம், பின் கேமரா, இரண்டு மீட்டர் தள்ளி, 2எக்ஸ் ஜூம். நேராக, இரண்டு பக்கமும் முக்கால் திருப்பத்தில், ஒரு முழுப் பக்கவாட்டு. வாயை மூடி, பல் தெரியச் சிரித்து. பல் தெரியும் படம் ஒன்றுகூட இல்லையென்றால் சிரிக்கும் படம் கேட்கும்போது மாடல் யாருடைய பல்லையோ வைத்துவிடும். காதும் அப்படியே. நடுவில் சட்டையை மாற்றி, இடத்தை மாற்றி எடுக்கச் சொன்னேன். பாதிப் படம் முகம் மட்டும், கொஞ்சம் மார்பு வரை, இரண்டு முழு உயரம். கூலிங் கிளாஸ், தொப்பி, பக்கத்தில் நண்பன் தோள் எதுவும் கூடாது. தினமும் கண்ணாடி போடுபவர் என்றால் மட்டும் கண்ணாடியோடு. முகூர்த்தத்துக்கு மழித்த முகமா, தாடியா என்று முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்து அனுப்பினால் பாதித் தாடி முளைக்கும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். நான் 1024 பிக்சல் சதுரத்தில் பயிற்சி கொடுக்கிறேன், முகம் அதில் தெளிவாக நிற்க வேண்டும்.

இன்னொன்று. சில பேர் வருங்கால மனைவியின் படங்களை இன்ஸ்டாகிராமில் இருந்து எடுத்து அனுப்பி, ஜோடியாகப் போடச் சொல்கிறார்கள். அவரே சம்மதித்து அவர் போனில் இருந்து அனுப்பினால் மட்டும்தான் தொடுவேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு, போகட்டும்.

புது செட்டில் பயிற்சி கொடுத்ததும் முதலில் வெள்ளைச் சட்டை, வெறும் சுவர், வேறெதுவும் இல்லாமல் சில படங்கள் எடுத்துப் பார்த்தேன். ஆரஞ்சு கசியவில்லை, மச்சம் இடத்தில் நின்றது. மாப்பிள்ளைக்குத்தான் திருப்தி இல்லை. "ஏதோ கோணலா இருக்கு" என்றார். கண்ணாடியில் பார்த்துப் பழகியவருக்கு நேர் முகம் அப்படித்தான் தெரியும். அதனால் ப்ரூஃப் பார்க்க நான் ஆளைக் கூப்பிடுவதில்லை, வீட்டில் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுபவரைத்தான் கூட்டி வரச் சொல்வேன். நீங்களும் வரும்போது அம்மாவையோ அண்ணியையோ கூட்டி வாருங்கள், அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பிளெக்ஸுக்குப் போகும்.