லஸ்டர்: நாணயத்தில் மெருகும் மிளிர்வும்

‘மெருகு குலையாத, புழங்காத நாணயம்’ என்று இன்னொரு விற்பனைக் குறிப்பு கண்ணில் பட்டது. படத்தில் ஒரு வெள்ளி நாணயம், யாரோ பசை தடவித் துணியால் தேய்த்துத் துலக்கியது. எழுத்துகளின் இடுக்கில் பசை வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றிடம் முழுவதும் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். விற்பவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. லஸ்டர் என்றால் மெருகு என்று எங்கோ படித்திருக்கிறார். நாணயத்திலும் மெருகு இருக்கத்தான் செய்கிறது. தவறு அவருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவருடையது.

ஆங்கில லஸ்டர் பிரெஞ்சு, இத்தாலியம் வழியாக வந்தது. வேர் இலத்தீனின் லுஸ்த்ராரே, ஒளியூட்டுதல். பிரெஞ்சில் இதே வேரில் பிறந்த வினைக்குத் துலக்கி மினுக்குதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே அகராதியைப் பிடித்துக்கொண்டு போகிறவர் மெருகு, பளபளப்பு என்று வந்து நிற்பதில் வியப்பில்லை. ஆனால் நாணயம் சேர்ப்பவர்கள் இந்தச் சொல்லை ஒரே ஒரு பொருளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதற்குத் தமிழ் தேட வேண்டும்.

வெற்று உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. ஆயிரக்கணக்கில் அடிக்க அடிக்க, அந்த நகர்வு அச்சின் முகத்திலேயே மிக நுண்ணிய ஆரக்கோடுகளை அரித்துவிடும். அடுத்து அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் அந்தக் கோடுகள் பதியும். நாணயத்தை விளிம்பில் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், இந்த வரிகளில் பட்ட வெளிச்சம் இரண்டு பட்டைகளாகப் பிரிந்து வண்டிச் சக்கரத்தின் ஆரம்போல நாணயத்தைச் சுற்றி ஓடும். இந்த ஓட்டம்தான் லஸ்டர். இது அடிக்கும்போதே பிறந்துவிடுவது. பிறகு யாராலும் ஏற்ற முடியாதது.

மெருகு இதற்கு நேர் எதிரானது. மெருகிடுதல் என்றால் என்ன என்று பொற்கொல்லருக்குத் தெரியும். முரடாக இருக்கும் பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவது. நாணயத்தில் அதைச் செய்தால் முதலில் அழிவது அந்த நுண்வரிகள்தான். மெருகிட்ட நாணயமும் மினுங்கும், ஆனால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் வெளிச்சம் ஒரே மாதிரி தட்டையாகத் திரும்பும், பட்டை ஓடாது. ‘மெருகு குலையாமல்’ என்ற வழக்கைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. புதுமை கெடாமல் என்று பொருள் தரும் அழகான வழக்குதான், மறுக்கவில்லை. கட்டுரையில், பேச்சில் அது இருக்கட்டும். ஆனால் தரம் பிரிக்கும் இடத்தில், செய்யக் கூடாத வேலையின் பெயரையே பாதுகாக்க வேண்டிய பண்புக்குச் சூட்டினால், புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் அதை ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்வார். மெருகு குறைந்தால் மதிப்புக் குறையும் என்று படித்தவர் அடுத்து என்ன செய்வார்? துணியை எடுப்பார்.

பளபளப்பும் உதவாது. சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடிக்கும் ‘புரூப்’ நாணயம் கண்ணாடிபோல் பளபளக்கும். அது வேறு தயாரிப்பு. மறுபுறம், பல ஆண்டுகளில் கருநீலமோ பழுப்போ ஏறிய வெள்ளி நாணயம் பளபளக்கவே பளபளக்காது. ஆனால் சாய்த்துப் பார்த்தால் அந்த நிறத்துக்கு அடியில் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். பளபளப்பை அளவுகோலாக வைத்தால் இந்த நாணயம் தோற்கும். துலக்கிய நாணயம் வெல்லும்.

என் முடிவு மிளிர்வு. மிளிர்தலுக்கு ஒளிர்தல் என்ற பொருளோடு பிறழ்தல், புரளுதல் என்ற பொருளும் பழந்தமிழிலேயே உண்டு. ஒளியும் அசைவும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. நமக்கு வேண்டியது இதுவேதான். பிறப்பிடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அச்சுமிளிர்வு என்று எழுதலாம்.

சொல் தவறினால் தரமும் எப்படித் தவறும் என்பதற்கு ஒரு நாணயம் போதும். அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலர், 1878 முதல் 1904 வரையும் பிறகு 1921இலும் அடித்தது. அதன் முன்பக்கப் பெண் தலையில் காதுக்கு மேலுள்ள முடியும், பின்பக்கக் கழுகின் மார்பும் மேடான இடங்கள். நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையில் அடித்த பல நாணயங்களில் இந்த இரண்டும் தட்டையாகவே இருக்கும். மேடுகள் தேய்ந்தால் புழங்கியது என்ற விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், இவை எல்லாமே புழங்கியவை என்று தள்ளிவிடுவார். உண்மையில் அழுத்தம் போதாமல், அச்சின் ஆழமான குழிக்குள் உலோகம் ஏறவே இல்லை. தட்டையான இரண்டு இடங்களும் முன்னும் பின்னும் ஏறக்குறைய நேர் எதிரே நடுப்பகுதியில் அமைந்திருப்பது முதல் தடயம். மிளிர்வு அடுத்த தடயம். நாணயத்தைச் சுழற்றும்போது பட்டை கன்னத்தின் மேல் தடையின்றி ஏறி இறங்கினால் அது மங்கலான அச்சடிப்புதான், தேய்மானம் அல்ல. பட்டை கன்னத்துக்கு வந்ததும் அணைந்து, அங்கே சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால், கைகள் பட்டிருக்கின்றன.

சர்குலேஷன் என்பதற்கு எங்கும் ‘சுழற்சி’ என்றே போடும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ‘சுழற்சிக்கு உட்படாத நாணயம்’ என்பதைப் படித்தால் ஏதோ இயந்திரத்தில் போட்டுச் சுற்றாதது என்றே தோன்றுகிறது. பணம் புழங்கும், சுழலாது. புழக்கம், புழங்கியது, புழங்காதது என்று வேண்டிய வடிவமெல்லாம் நம் வாயிலேயே இருக்கிறது. ‘புத்தம் புதியது’ என்பதும் பொருந்தாது. மூட்டையில் ஒன்றோடொன்று மோதிக் கன்னமெல்லாம் வடுப்பட்ட நாணயமும் புழங்காததுதான். நாணயங்களைத் தரம் பிரிக்க வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 70 புள்ளி அளவுகோலின் இன்றைய வழக்கில் அது 60ஐ ஒட்டி நிற்கும். மேடுகளில் இலேசான உரசல் மட்டும் பெற்று 58இல் நிற்கும் நாணயம் பார்வைக்கு அதைவிட அழகாக இருப்பதும் உண்டு. அழகு வேறு, புழக்கம் வேறு.

ஆகவே குறிப்பு எழுதுகிறவர்கள் மிளிர்வு எங்கே இருக்கிறது, எங்கே அறுந்தது என்று இடத்தைச் சொல்லி எழுதட்டும். மேடுகளிலும் அறுபடாமல் ஓடினால் புழங்காதது, 60 முதல் 70 வரை. மேடுகளில் மட்டும் அறுந்திருந்தால் 50 முதல் 58. எழுத்துகளின் இடுக்கிலும் உருவத்தின் ஓரத்திலும் மட்டும் ஒதுங்கி மிஞ்சியிருந்தால் 40, 45. அதற்குக் கீழே பெரும்பாலும் மிளிர்வைத் தேடிப் பயனில்லை; முடியிழைகளில் எத்தனை தெரிகின்றன என்று தேய்மானத்தை மட்டும் பார்த்தால் போதும்.